கோபத்துக்கு ஏது சாட்சி?

1961 ஜூன் மாதம். பஞ்சாப் அரசின் சிவில் சர்ஜனான டாக்டர் எஸ். பிரதாப் சிங், ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் இருந்தார். அந்த மாத நடுவில் அவருக்கு 55 வயது நிறைகிறது. அத்தோடு அரசுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்து ஆணைகள் அடுத்தடுத்து வந்தன. ஏற்கெனவே அனுமதித்திருந்த விடுப்பு ரத்து, பணியிடை நீக்கம், துறை விசாரணை, விசாரணை முடியும்வரை ஓய்வும் கிடையாது. இத்தனைக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது, அவர் ஒரு நோயாளியிடம் 16 ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு.

பதினாறு ரூபாய் என்றாலும் லஞ்சம் லஞ்சம்தான். அரசு ஊழியர் மீது புகார் வந்தால் விசாரிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆணையில் விதி எண் இருக்கிறது, ஆளுநரின் பெயர் இருக்கிறது, செயலாளரின் கையெழுத்து இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் சொன்ன கதை வேறு. அப்போதைய முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோனின் குடும்பத்துக்கும் தனக்கும் முன்பு நெருக்கம் இருந்தது, அவர்கள் கேட்ட முறையற்ற காரியங்களுக்கு மறுத்ததால் பகை வந்தது, பிளிட்ஸ் வார இதழில் முதலமைச்சரைப் பற்றிய குற்றச்சாட்டுகள் வெளியானதும் அந்தப் பகை பழிவாங்கலாக முற்றியது, 16 ரூபாய் வெறும் சாக்கு என்றார் அவர்.

இதை ஒரு நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? கைரோனின் மனதுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்ல யாரும் இல்லை.

அரசின் ஒரு நடவடிக்கையை உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ரத்து செய்வதற்கான காரணங்கள் பல. அதிகாரமே இல்லாதவர் ஆணையிட்டிருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் முடிவெடுத்திருக்கலாம். விதியில் சொன்ன நடைமுறையைத் தாண்டியிருக்கலாம். இவையெல்லாம் காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நோட்டீஸ் கொடுத்தார்களா இல்லையா என்பதற்கு ஒப்புகை அட்டை போதும். இவற்றிலிருந்து மாறுபட்டவை இரண்டு காரணங்கள். ஒன்று தீய எண்ணம்: பகை, பழி, சொந்த ஆதாயம் ஆகியவற்றால் தூண்டப்பட்டு அதிகாரத்தைப் பயன்படுத்துவது. மற்றொன்று தவறான நோக்கம்: சட்டம் ஒரு காரியத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவது. இரண்டிலும் ஆணை வெளிப்பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். பழுது இருப்பது, அந்த ஆணை ஏன் பிறந்தது என்பதில்.

டாக்டரின் வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வுக்குப் போனது. அவர் கையில் அந்தக் காலத்து வழக்காடிகளிடம் இல்லாத ஒன்று இருந்தது. முதலமைச்சர் தரப்போடு நடந்ததாக அவர் சொன்ன உரையாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். அதைவிட முக்கியமான இன்னொன்று அவர் கையில் இல்லை, எதிர்த்தரப்பின் மௌனத்தில் இருந்தது. இவ்வளவு குறிப்பான குற்றச்சாட்டுகள் தன்மேல் வைக்கப்பட்டும், முதலமைச்சர் தன் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. துறைச் செயலாளர் ஒருவர் அரசுக்காகப் பதில் போட்டார். முதலமைச்சருக்கும் டாக்டருக்கும் இடையில் தனிப்பட்ட முறையில் என்ன நடந்தது என்பது அந்தச் செயலாளருக்கு எப்படித் தெரியும்?

1963 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளுக்காக எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி சென்ற என். ராஜகோபால அய்யங்கார். மறுக்கப்படாத குற்றச்சாட்டுகள், ஒலிநாடா, ஆணைகள் வந்த வரிசை, அவற்றின் நேரம் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த அவர், இந்த நடவடிக்கையின் மேலோங்கிய நோக்கம் ஒழுங்கு நடவடிக்கை அல்ல, முதலமைச்சரின் கோபத்துக்கு ஆளானவரைப் பழிவாங்குவதே என்று முடிவு செய்தார். ஆணைகள் ரத்தாயின.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே காகிதங்களைப் படித்த மற்ற இரண்டு நீதிபதிகளுக்கு அது நிரூபணமாகத் தெரியவில்லை. டாக்டர் ஜெயித்தது மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். ஒலிநாடா கையில் இருந்தும், எதிராளி வாயே திறக்காமல் இருந்தும் நிலைமை இதுதான்.

இனி சென்னைக்கு வரலாம். 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி இ.பி. ராயப்பா. முதலமைச்சர் மு. கருணாநிதி. 1971 மார்ச்சில் தேர்தல் முடிந்தது; ஏப்ரலில் ராயப்பா மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அது புதிதாக உருவாக்கப்பட்ட தற்காலிகப் பதவி. அவர் அதில் சேராமல் விடுப்பில் போனார். 1972 ஜூனில் வணிக வரிச் சட்டங்களைத் திருத்தி அமைக்கும் தனி அதிகாரி என்ற இன்னொரு பதவி தரப்பட்டது. அதிலும் சேரவில்லை. நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அவருடைய மனுவில் பட்டியல் நீளமாகவே இருந்தது. கூவம் சீரமைப்புத் திட்டம், வீராணம் குடிநீர்த் திட்டம், தேர்தல் சமயத்தில் ரவுடிகளைப் பிடித்து உள்ளே வைத்தது எனப் பல விஷயங்களில் தன் நிலைப்பாடு முதலமைச்சருக்குக் கசந்தது, அதனால்தான் தன்னைத் தூக்கி ஒன்றுமில்லாத நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பது அவர் வாதம். முதலமைச்சரையே பெயர் சொல்லி எதிர்மனுதாரர் ஆக்கினார்.

கருணாநிதி, கைரோன் செய்ததைச் செய்யவில்லை. தன் பெயரில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து குற்றச்சாட்டுகளை மறுத்தார். உடனே களமே மாறிவிட்டது. இப்போது ஒரு சத்தியத்துக்கு எதிரே இன்னொரு சத்தியம். ரிட் வழக்கில் சாட்சிக் கூண்டு கிடையாது. பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே வழக்கு முடிந்துவிடும். குறுக்கு விசாரணை அபூர்வம். ஒருவர் நடந்தது என்கிறார், மற்றவர் நடக்கவில்லை என்கிறார், நீதிபதியின் முன் இருப்பவை இரண்டு கட்டுக் காகிதங்கள். அந்த நிலையில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் தோற்பார்.

1973 நவம்பரில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். தீய எண்ணம் என்று சொல்வது எளிது, காட்டுவது கடினம் என்றது தீர்ப்பு. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையோ, ஆதாரமும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். அரைகுறைத் தகவல்களை வைத்துக்கொண்டு உயர்ந்த பொறுப்பில் இருப்பவர்மேல் களங்கம் சுமத்த நீதிமன்றம் தயங்கும். சந்தேகம் எழலாம், ஆனால் சந்தேகம் நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. ராயப்பாவின் வழக்கு சந்தேகத்தைத் தாண்டிப் போகவில்லை.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, ஒரு முதல்வர் பதில் போட்டார், மற்றவர் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது என்பதில் இருக்கிறது.

டாக்டர்மேல் ஏவப்பட்டது தண்டிக்கும் அதிகாரம். அது இருப்பதே தவறு செய்தவரை விசாரிப்பதற்காக. முதலமைச்சருக்குப் பிடிக்கவில்லை என்பது அங்கே எந்த விதத்திலும் நியாயமான காரணம் ஆகாது. எனவே கோபம் அங்கே ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியும். ராயப்பா விஷயத்தில் பயன்பட்டது பணியிட மாற்றம் செய்யும் அதிகாரம். தலைமைச் செயலாளர் என்பவர் நிர்வாகத்தின் அச்சாணி. முதலமைச்சருக்கும் அவருக்கும் முழு இணக்கம் இருந்தால்தான் வண்டி ஓடும் என்று நீதிமன்றமே சொன்னது. அப்படியானால், இவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்பதே அவரை மாற்றுவதற்குச் சரியான காரணமாகிவிடுகிறது! முதல் வழக்கில் குற்றத்துக்கு ஆதாரமாக இருந்த அதே மனக்கசப்பு, இரண்டாவது வழக்கில் நிர்வாகத் தேவையாகத் தோற்றம் கொள்கிறது. ஓர் அதிகாரத்தின் எல்லை எவ்வளவு அகலமோ, அதற்குள் கெட்ட எண்ணம் ஒளிந்துகொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது. இடமாறுதல் வழக்குகளில் தீய எண்ணம் என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். "நிர்வாக நலன் கருதி" என்ற மூன்று சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

கோப்பு இருக்கிறதே, அதில் உண்மை தெரியாதா என்று கேட்கலாம். கோப்பில் எழுதுபவர்களுக்கும் அது ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும் என்று தெரியும். இவரைப் பழிவாங்க வேண்டும் என்று எந்த அமைச்சரும் பச்சை மையில் எழுதுவதில்லை. உத்தரவு தொலைபேசியில் வரும். கீழே இருப்பவர் அதற்கேற்ற காரணத்தைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவார். பின்னாளில் கோப்பைப் புரட்டினால், யோசனை கீழிருந்து கிளம்பி மேலே போனதாகத்தான் தெரியும். வெளியே வரும் ஆணையோ ஆளுநரின் ஆணைப்படி என்று முடியும். ஆளுநருக்கும் அந்த மனிதருக்கும் எந்தப் பகையும் இருந்திருக்காது.

அதிகாரத்தில் இருப்பவரே தன் வாயால் ஒப்புக்கொண்டால் வேலை சுலபம். அப்படி ஒரு வழக்கும் உண்டு, கனடாவில். 1946-ல் மாண்ட்ரியல் நகரில் ஃபிராங்க் ரான்கரெல்லி என்ற உணவக உரிமையாளர், கைதான யெகோவாவின் சாட்சிகள் பிரிவினர் சுமார் 380 பேருக்கு ஜாமீன் நின்றார். அவருடைய மதுபான உரிமம் ரத்தானது. கியூபெக் மாகாண முதல்வர் மோரிஸ் டுப்லெசி, இது என் உத்தரவுதான் என்று பத்திரிகைகளிடம் பெருமையாகச் சொன்னார். மதுபானச் சட்டம் மதுவிற்பனையை ஒழுங்குபடுத்த வந்ததே தவிர, ஜாமீன் கொடுத்தவரைத் தண்டிக்க வந்ததல்ல என்று 1959-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, நஷ்ட ஈடும் கொடுக்க வைத்தது. இவ்வளவு வெளிப்படையான ஆட்சியாளர்கள் எல்லா வழக்கிலும் கிடைப்பதில்லை.

ஒப்புதல் இல்லாத இடத்தில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? ஆந்திராவில் 1960-களின் தொடக்கத்தில் நடந்த பஸ் வழக்கு இதை நன்றாகக் காட்டும். தனியார் பஸ் தடங்களை அரசுப் போக்குவரத்துக் கழகம் மாவட்டம் மாவட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது. எந்தப் பகுதிக்குப் பிறகு எந்தப் பகுதி என்று கழகம் முன்பு யோசித்து வைத்திருந்த வரிசை திடீரென மாறி, கர்னூல் முன்னால் வந்தது. 1962 தேர்தலுக்குப் பின் நீலம் சஞ்சீவ ரெட்டி மீண்டும் முதலமைச்சராகியிருந்தார். கர்னூலில் தன்னை அரசியலில் எதிர்த்த பஸ் முதலாளிகளை ஒழிக்கவே அவர் கழகத்தின் கையை முறுக்கினார் என்று சி.எஸ். ரவ்ஜி என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள்.

இந்த வழக்கையும் எழுதியவர் அதே ராஜகோபால அய்யங்கார். பதவியில் இருப்பவர்கள்மேல் இப்படிப்பட்ட புகார்கள் அடிக்கடி வருகின்றன, நீதிமன்றம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிக்கொண்டுதான் அவர் உள்ளே போனார். பின்பு மூன்று விஷயங்களை வரிசையாக வைத்தார். பழைய வரிசை என்ன, அது எப்போது மாறியது, மாற்றத்துக்குக் கழகம் சொன்ன காரணம் பொருந்துகிறதா? பொருந்தவில்லை. அதன் பிறகுதான் கடைசிக் கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார்? சஞ்சீவ ரெட்டியும் பிரமாணப் பத்திரம் தரவில்லை. கழகம் தன் அறிவைப் பயன்படுத்தவில்லை, முதலமைச்சரின் விருப்பத்தை நிறைவேற்றியது என்று கர்னூல் திட்டம் ரத்தானது. 1964 பிப்ரவரியில் சஞ்சீவ ரெட்டி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானது தனிக் கதை.

ஆக, நீதிமன்றம் மனதைத் தேடுவதில்லை, தடத்தைத் தேடுகிறது. இருந்த முடிவு காரணமில்லாமல் மாறிய நாள், அந்த நாளுக்குச் சற்று முன்னால் நடந்த சம்பவம், சொல்லப்பட்ட காரணத்துக்கும் செய்த காரியத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஆகியவையே அந்தத் தடங்கள். இவை எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் காட்டினால் போதாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்ட எண்ணம் இருந்தது என்று காட்டிவிட்டாலே ஆணை செத்துவிடாது. 1979-ல் பஞ்சாபின் குர்தயால் சிங் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை விளக்கினார். சந்தை அமைக்க ஒரு நிலத்தைக் கையகப்படுத்துகிறார்கள். நில உரிமையாளர்மேல் அமைச்சருக்குப் பகை. ஆனால் அங்கே உண்மையிலேயே சந்தை தேவை, அந்த நிலம்தான் பொருத்தம் என்றால், அமைச்சர் மனதுக்குள் மகிழ்ந்தார் என்பதற்காகக் கையகப்படுத்தல் தவறாகிவிடாது. அதிகாரம் எட்ட வேண்டிய இடத்தை எட்டியிருக்கிறது. அதற்கு மாறாக, சந்தை என்பது வெறும் போர்வை, நிலத்தைப் பிடுங்குவதே குறி என்றால் ஆணை நிற்காது. அந்த வழக்கில் முன்பு தேர்ந்தெடுத்த இடம் கைவிடப்பட்டிருந்தது, அவசரப் பிரிவைப் பயன்படுத்தி உரிமையாளரின் ஆட்சேபம் கேட்கப்படாமலே போனது, பெயர் சொல்லப்பட்ட அரசியல்வாதி மறுக்கவும் இல்லை. கையகப்படுத்தல் வீழ்ந்தது.

நடைமுறையில் எண்ணங்கள் கலந்தே இருக்கும். ரோடும் தேவைப்படும், எதிரியின் தோட்டமும் போகும். அப்போது எது மேலோங்கி நின்றது என்று பார்க்கிறார்கள். இதை அளக்க யாரிடமும் தராசு இல்லை என்பதால், வழக்கு மறுபடியும் நீதிபதிக்கு நீதிபதி மாறும் இடத்துக்கே வந்து சேர்கிறது.

தவறான நோக்கம் என்ற இரண்டாவது வழி பாதிக்கப்பட்டவருக்கு உதவுவது இங்கேதான். அதில் யாருடைய பகையையும் காட்ட வேண்டியதில்லை. 1976 மார்ச்சில், நெருக்கடி நிலைக் காலத்தில், அகில இந்திய வானொலியின் தலைமை அலுவலகத்தில் பணியாற்றிய எஸ்.ஆர். வெங்கட்ராமன் என்ற பெண் அதிகாரி பொதுநலன் கருதி முன்கூட்டியே ஓய்வுபெற வைக்கப்பட்டார். ஓர் உயரதிகாரியின் பகைதான் காரணம் என்று அவர் முதலில் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது பகைப் பேச்சு பின்னுக்குப் போய், கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: அவரை ஓய்வுபெற வைத்தால் பொதுநலனுக்கு நல்லது என்று காட்ட அவருடைய பதிவேட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று அரசு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். இல்லாத காரணத்தை இருப்பதாக வைத்துப் போட்ட ஆணை, போட்டவர் நல்லவராகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் தீய எண்ணத்தோடு போட்டதற்குச் சமம் என்று 1978-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2008-ல் சோமேஷ் திவாரி வழக்கிலும் இதே பாதைதான். போபாலில் இருந்த கலால் அதிகாரி மீது பெயரில்லாத புகார் ஒன்று வந்தது. விசாரித்ததில் அதில் உண்மையில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அவரை ஷில்லாங்குக்கு மாற்றினார்கள். இடமாறுதல் அதிகாரத்தைத் தண்டனைக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கவனிக்க வேண்டியது, இங்கே யாரும் யாருடைய எதிரியும் அல்ல. ராயப்பாவிடம் இல்லாதது திவாரியிடம் இருந்தது: மாறுதலின் காரணம் கோப்பிலேயே பதிவாகியிருந்தது, அந்தக் காரணம் பொய்யென்றும் அதே கோப்பில் இருந்தது.

ராயப்பா தோற்ற வழக்கில்தான் இந்த வழி இன்னும் அகலமானது என்பது சட்ட வரலாற்றின் வேடிக்கை. அந்தத் தீர்ப்பில் நீதிபதி பி.என். பகவதி, மனம் போன போக்கில் செயல்படுவதும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பரம விரோதிகள் என்று எழுதினார். ஓர் அரசு நடவடிக்கை காரணமற்றதாக இருந்தாலே அது அரசமைப்பின் 14-ஆவது பிரிவை மீறுகிறது. தீய எண்ணமும் அதன் ஒரு வகைதான் என்றார். ராயப்பாவுக்கு அது பயன்படவில்லை. அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது. இன்றைக்குத் திறமையான வழக்கறிஞர்கள் அமைச்சரின் பகையை விவரிப்பதில் பக்கங்களைச் செலவழிப்பதில்லை. ஆணைக்குக் காரணம் இல்லை என்று காட்டுவதில் செலவழிக்கிறார்கள். அதுவே சரியான வழி என்றுதான் சொல்ல வேண்டும். நீதிபதிகளுக்கும் ஓர் ஆணையைக் காரணமற்றது என்று எழுதுவது எளிது. ஓர் அமைச்சரைப் பழிவாங்கியவர் என்று எழுதுவதற்குக் கை நடுங்கும்.

ஆனாலும் சிலருக்கு வேறு வழி இருக்காது. உண்மையிலேயே பகையால் பாதிக்கப்பட்டவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொல்பவர்களில் பலர் வழக்கின் தகுதியைப் பார்ப்பதற்கு முன்பே தோற்றுப்போகிறார்கள். அதற்கு இரண்டு சாதாரணத் தவறுகள் போதும்.

முதலாவது, யார்மேல் பழி போடுகிறார்களோ அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விடுவது. மாவட்ட ஆட்சியர் என்று பதவியைச் சேர்த்தால் போதாது. அந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்த மனிதரைச் சேர்க்க வேண்டும். பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவர்மேல் நீதிமன்றம் களங்கம் சுமத்தாது என்பதை 1990-களின் தொடக்கத்தில் பீகாரின் பி.பி. சர்மா வழக்கு மறுபடி உறுதி செய்தது. சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அவர் பதில் போடாமல் விட்டால், கைரோனுக்கும் சஞ்சீவ ரெட்டிக்கும் நேர்ந்ததுபோல அந்த மௌனமே அவருக்கு எதிராகப் பேசும்.

இரண்டாவது, பிரமாணப் பத்திரத்தின் கடைசிப் பாரா. மேலே கண்டவை எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று பொத்தாம்பொதுவாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். நேரில் கண்டது எது, ஒருவர் சொல்லிக் கேட்டது எது, கேட்டதென்றால் யார் சொன்னது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 1969-ல் நம்பியார் என்ற போலீஸ் அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அமைச்சர் கோபமாகப் பேசினார் என்று மனுவில் எழுதியவர், அந்த அறையில் தான் இருந்தாரா என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எனவே இப்படியோர் ஆணை கைக்கு வந்தவர் முதலில் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்குறிப்பை எடுப்பது நல்லது. என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, ஆணை எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அழுத்தம் வந்த அன்றே மேலதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டு நகல் வைத்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்து மனுவில் முதன்முறையாகச் சொல்வதைவிட அதற்குப் பல மடங்கு மதிப்பு உண்டு. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். குறிப்பு எந்த நாளில் தொடங்கியது, ஆணைக்கு முன்னால் எழுதப்பட்டதா பின்னால் எழுதப்பட்டதா என்பது அதில் தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகு பெயர் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லையென்றால், மனுவிலிருந்து அந்தப் பாராவை எடுத்துவிட்டு, ஆணையில் சொன்ன காரணத்துக்குக் கோப்பில் என்ன ஆதாரம் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுடையது.